மண்ணுக்குள் போன கம்பி

"நீட்டா இருக்குது" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றிக்கொண்டு வரும். மருமகள் பாவம், அடுப்படி மேடையைத் துடைத்துவிட்டு "நீட்டா இருக்குதுல்ல அத்தை?" என்று கேட்பாள். நான் வெடுக்கென்று எதையாவது சொல்லிவிடுவேன். அவள் முகம் சுருங்கிப் போகும். கிழவிக்குப் பித்தம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வாளோ என்னவோ. பித்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சொல் என் தங்கச்சியின் கையைத் தின்ற சொல்.

எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு ஷெட் இருந்தது. என் வீட்டுக்காரர் பெயரில்தான் ஷெட், ஆனால் அவர் பாதி நாள் சேலம், திருச்சி என்று கடை கடையாகச் சரக்குக் காட்டப் போய்விடுவார். மண் வருவது, அச்சில் அழுத்துவது, காய வைப்பது, பொதுச் சூளைக்கு அனுப்புவது எல்லாம் என் தலையில். நாங்கள் செய்தது கப்பு சாஸர் இல்லை. கரண்ட் போர்டில் மாட்டுகிற பீஸ் கட்டை. வெள்ளைப் பீங்கானில் அடிப்பாகம் ஒன்று, அதற்குள் செருகி இழுக்கிற மேல்பாகம் ஒன்று. வீட்டில் விளக்கு அணைந்தால் "பீஸ் போச்சு" என்று சொல்லி ஒருத்தர் ஸ்டூல் போட்டு ஏறி இழுப்பாரே, அதுதான். ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவரில் எங்கள் கட்டை தொங்கியது.

சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பது என் வேலை. இடது கையில் ஒன்றை லேசாகப் பிடித்து, இன்னொன்றால் தட்ட வேண்டும். நல்லது என்றால் 'ணங்' என்று கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் 'டொக்'. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பளபளவென்று, பால் மாதிரி வெள்ளையாக, குற்றம் சொல்ல முடியாது. டொக் என்று சொன்னதைக் கண்ணால் எத்தனை நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் விரிசல் எங்கே என்று தெரியாது. அதை மூலையில் வீசிவிட வேண்டியதுதான். பேட்டையில் இருந்த ஏழெட்டு ஷெட்டிலும் இதே வழக்கம்தான். தட்டாமல் ஒரு துண்டு சரக்கு வெளியே போகாது. இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

என் தங்கச்சி எங்களோடுதான் இருந்தாள். அம்மா அப்பா போன பிறகு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஒரு கை இருந்தது பாருங்கள், அதைக் கை என்று சொல்லக்கூடாது. சுற்றுகிற தட்டின்மேல் கப்பை வைத்து, நீலச் சாயத்தில் தொட்ட பிரஷ்ஷை விளிம்பில் வைத்தால் போதும், கோடு தொடங்கின இடமும் முடிந்த இடமும் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்து ஷெட்டில் கப்பு செய்கிறவர் ஒரு நாள் விளையாட்டாக பிரஷ்ஷைக் கொடுத்தார், அவ்வளவுதான். அதன் பிறகு அவரே என்னிடம் வந்து, "தை மாசம் பொறந்ததும் கோடு போடுற வேலைக்கு இந்தப் பொண்ண எங்கிட்ட வுட்டுடுங்க, நல்லா பாத்துக்கறேன்" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பீஸ் கட்டை விளிம்பில்கூட விரலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். "யாரு பீஸ் கட்டையில பூ கேட்டாங்க?" என்று நான் கேலி செய்வேன். தை வரைக்கும் எங்கள் ஷெட்டில் மண் மிஷினைப் பார்த்துக்கொள்வது என்று பேச்சு.

அந்த மண் மிஷின் அப்போதுதான் வந்தது. ஈர மண்ணை மேல்வாயில் போட்டால் உள்ளே பிசைந்து, கீழ்வாய் வழியாக உருளையாகத் தள்ளும். அதற்கு முன்னால் காலால் மிதித்துக்கொண்டிருந்தோம். ஷெட்டுக்கு ஒன்றாக எல்லாருமே மோட்டார் வாங்கியதால், மோட்டார் லைன் இழுக்கிற வேலையை ஆளுக்கொரு ஆளிடம் கொடுக்காமல் பேட்டைச் சங்கமே ஒரே காண்டிராக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று தலைவர் சொன்னார். சங்கத் தலைவர் எங்கள் எதிர் ஷெட்காரர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எதையும் நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டும் அவருக்கு. வேலைக்கு வருகிறவர்கள் முன்னால் செய்த வேலையின் போட்டோ கொண்டுவர வேண்டும், ஒப்பிட்டுப் பார்த்து எடுப்போம் என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். அப்போது அது பெரிய நாகரிகமாகத் தெரிந்தது எல்லாருக்கும்.

வீட்டுக்காரர் வெளியூரில் இருந்ததால் கூட்டத்துக்கு நான் போனேன். நான் ஒருத்திதான் பெண்பிள்ளை. ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

முதலில் வந்தவர் டவுனில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவர். வெள்ளை ஸ்லாக் சட்டை, பவுடர் வாசம். கறுப்புத் தாளில் மூலை ஒட்டி, நடுவில் வெண்ணெய்த் தாள் வைத்த கல்யாண ஆல்பம் மாதிரி ஒன்றைத் திறந்தார். ஸ்டுடியோக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்தது. பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. வயரைத் தாங்குகிற தேக்கு ரீப்பர் கட்டை நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. கிளிப்புக்குக் கிளிப் ஒரே இடைவெளி. மோட்டாருக்குப் போகிற இரும்புப் பைப் கொஞ்சமும் கோணாமல் இறங்குகிறது. போர்டெல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட தேக்குப் பெட்டிக்குள். எல்லாரும் "ஆகா" என்றார்கள். தலைவர் அந்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு விடவே இல்லை.

அடுத்து வந்தவர் கருவேப்பிலங்குறிச்சிக்காரர். வரும்போதே தாமதம். அழுக்கு வேட்டி. வாயில் வெற்றிலை. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து நாலைந்து போட்டோவை மேஜைமேல் கொட்டினார். பாதி மங்கல். ஒன்றில் அவருடைய கட்டைவிரலே விழுந்திருந்தது. வயரிங் சுமாராக இருந்தது. பைப்போடு ஒட்டி மொட்டைக் கம்பி ஒன்று கூடவே ஓடி, மோட்டார் காலில் போல்ட் போட்டு இறுகி, மறுபடி சுவரைத் தாண்டி வெளியே போனது. "இது என்னய்யா, துணி காயப் போடுற கம்பியா?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு. மற்ற போட்டோக்களில் இருந்தது வெறும் குழி. ஆள் உயரத்துக்கு மேலே ஆழமான குழி. நடுவில் ஒரு பைப், சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காக.

"ஏன்யா, வேலையைக் காட்டச் சொன்னா குழியப் படம் புடிச்சிக்கினு வந்திருக்கிற? யாரைப் பொதைச்ச?" என்றார் தலைவர். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த ஆளுக்கு மூக்கின்மேல் கோபம். "சிரிங்க, நல்லா சிரிங்க. சுவத்துல இருக்கிறது அலங்காரம்யா. வேல மண்ணுக்குள்ள இருக்குது. மோட்டாருல கரண்ட் கசிஞ்சா, அது ஆளு மேல பாயாம இந்தக் கம்பி வழியா குழிக்குள்ள போவணும். மோட்டாருக்கு ரெண்டு எர்த்து, ரெண்டு குழி. போட்டோவ பாத்து எவன் நம்புறது? இது வேற எவனோ ஷெட்டு குழி. உங்க குழிய மூடுறப்ப நீங்க வந்து நில்லுங்க. கரண்ட் குழிக்குள்ள போவுதான்னு பல்பு போட்டு எரியவெச்சிக் காட்டறேன், அப்புறம் மூடறேன்" என்றார்.

"ஆளு மேல பாயறதா? வாய்ல நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார்.

எனக்கு என்னமோ சுருக்கென்றது. எர்த்து என்றால் எனக்கு அப்போது ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தட்டிப் பார்ப்பது தெரியும். "தலைவரே, நாம எல்லாம் தட்டிப் பாத்துத்தான சரக்கு அனுப்பறோம். இவரு தட்டிக் காட்டறேங்கறாரு. அவரு வெறும் மெருகைத்தான காட்டறாரு?" என்று கேட்டுவிட்டேன். தலைவர் சிரித்தபடி, "அம்மா, கரண்ட தட்டிப் பாக்க முடியுமா? கை போயிடும்மா!" என்றார். மறுபடி சிரிப்பு. கை போயிடும் என்றார். அவர் வாயால்தான் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் என் பல் நறநறக்கிறது.

வெள்ளைச் சட்டைக்காரருக்கே வேலையைக் கொடுத்தார்கள். கருவேப்பிலங்குறிச்சிக்காரர் போட்டோவை டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு, வாசலில் எச்சிலைத் துப்பிவிட்டுப் போனார்.

வேலை மளமளவென்று முடிந்தது. சொன்ன மாதிரியே இருந்தது, குறை சொல்ல முடியாது. ரீப்பர் நேர்கோடு. பைப்புக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட். மெயின் சுவிட்சு, மோட்டார் சுவிட்சு, எங்கள் கையால் செய்த பீஸ் கட்டைகள் எல்லாம் வாசலோரம் ஒரு தேக்குப் பெட்டிக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். மிஷின் ஷெட்டின் அந்தக் கோடியில், சுவிட்சு இந்தக் கோடியில். "மிஷினு பக்கத்துலயே வெச்சா என்ன?" என்று கேட்டேன். "மண்ணு தெறிச்சி அசிங்கமாயிடும்மா. இங்க இருந்தா உள்ள வர்றவங்க கண்ணுல முதல்ல இதுதான் படும்" என்றார் காண்டிராக்டர். ஸ்டுடியோக்காரர் வந்து ஷெட் ஷெட்டாகப் படம் எடுத்தார். அது அவருடைய அடுத்த ஆல்பத்துக்கு. கரண்ட் ஆபீசிலிருந்து லைன் கொடுக்க வந்தவர்கள் பெட்டி வரைக்கும் பார்த்துவிட்டுப் போனார்கள். தலைவர் யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு வந்து அந்தப் பெட்டியைக் காட்டுவார். "எவ்ளோ நீட்டா இருக்குது பாருங்க" என்பார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் தங்கச்சி கையை உதறிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, மிஷினு கிள்ளுது."

"என்னாது?"

"தொட்டா கிள்ளுதுக்கா. எறும்பு கடிக்கிற மாதிரி சுருக் சுருக்குங்குது."

கிள்ளுது. அவளுக்குத் தெரிந்த வார்த்தை அதுதான். ஷாக் அடிக்கிறது என்று சொல்லியிருந்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். கிள்ளுது என்றதும் எல்லாருக்கும் விளையாட்டாகப் போய்விட்டது. நான் போய்த் தொட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் ரப்பர் செருப்புப் போட்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நின்று மறுபடி தொட்டேன். சுருக்கென்று முழங்கை வரை ஏறியது. அன்றைக்கே மிஷினை நிறுத்தி, தலைவரையும் காண்டிராக்டரையும் கூப்பிட்டு அனுப்பினேன்.

"மிஷினு கிள்ளுதாம்மா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார் தலைவர். "கல்யாண வயசுப் பொண்ண மிஷினுக்கும் புடிச்சிப் போச்சு போல."

"தலைவரே, வாய அடக்கிப் பேசுங்க" என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

காண்டிராக்டர் மோட்டாரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஈரக் கையால தொட்டா லேசா அப்பிடித்தான் இருக்கும்மா. செருப்புப் போட்டுக்கச் சொல்லுங்க. ஒரு பலகை போட்டு அதும்மேல நிக்கட்டும்" என்றார்.

"ஈர மண்ண ஈரக் கையால தொடாம பூவாலயா தொடுவா? அந்த ஆளு எர்த்துன்னு ஒண்ணு சொன்னாரே, அந்தக் கம்பி எங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது இருந்தா பாக்க நல்லா இருக்காதேன்னு வுட்டேன்மா. வேணும்னா போட்டுத் தரேன்."

பாக்க நல்லா இருக்காதாம்! அப்போதே அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டாமா? தள்ளியிருப்பேன். ஆனால் ஷெட் என் பெயரில் இல்லை. வேலை சங்கத்தின் வேலை. வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்ததும் சொன்னேன். "அதான் போட்டுத் தரேங்கறாரே, ஏன் கத்தற? எல்லாரும் சேந்து எடுத்த ஆளு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சோற்றைப் போட்ட வேகத்தில் தட்டு ஓர் அடி தள்ளிப் போய் விழுந்தது.

கம்பி வந்தது. பளபளவென்று புதுக் கம்பி, மோட்டார் காலில் இறுக்கி, சுவரைத் தாண்டி வெளியே போய், ஷெட்டுக்குப் பின்னால் தரைக்குள் இறங்கியது. இறங்கின இடத்தில் சிமெண்டால் சின்னத் தொட்டி கட்டி, வழவழவென்று பூசி, மேலே மூடி போட்டு, மூடியில் சிவப்புப் பெயிண்டில் எர்த்து என்று எழுதியும் இருந்தது. நாங்கள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரத்தில் வேலை முடிந்துவிட்டிருந்தது. குழி மூடும்போது வந்து நில்லுங்கள் என்று கருவேப்பிலங்குறிச்சிக்காரர் சொன்னாரே, அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

"பல்பு எரியவெச்சிக் காட்டுங்க" என்றேன்.

"கரண்ட் இல்லியேம்மா" என்றார் காண்டிராக்டர். இல்லைதான். அந்தக் காலத்தில் பாதி நாள் பவர் கட். "வந்தப்புறம் ஒரு நாள் வந்து காட்டறேன். அதுக்குள்ள போட்டோ எடுத்துத் தரேன், ஆபீஸ்ல வெச்சிக்கங்க."

போட்டோ வந்தது. பல்பு வரவில்லை. சங்க ஆபீஸ் சுவரில் அந்தப் போட்டோவை பிரேம் போட்டு மாட்டினார்கள். கம்பி, தொட்டி, மூடி, சிவப்பு எழுத்து. கறுப்பு வெள்ளைப் போட்டோவில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது, இருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. தலைவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இப்ப திருப்தியாம்மா?" என்றார். மிஷினும் சில நாள் கிள்ளாமல்தான் இருந்தது. மழை விட்டு வெயில் அடித்திருந்தது, தரை காய்ந்திருந்தது, அதனால்தான் என்று பிறகுதான் தெரிந்தது. திருப்தி இல்லாமல் நான் காண்டிராக்டரைப் பார்க்கும்போதெல்லாம் பல்பு, பல்பு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாலே "பல்பு அம்மா வருது" என்று பேட்டையில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மறுபடி மழை பிடித்தது. ஒரு காலை நேரம், நான் வாசல் பக்கம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். ணங், ணங், டொக், ணங். அந்தக் கோடியில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி மேல்வாயில் மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கோ நிமிர்ந்து பார்த்தேன். அவள் மிஷின் விளிம்பைப் பிடித்தபடி நிற்கிறாள். அசையவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. கண் என்னையே பார்க்கிறது. மிஷின் எப்போதும் போலவே ஓடுகிறது.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. நல்ல வேளை, பெட்டிப் பக்கத்தில் நான் இருந்தேன். இல்லாவிட்டால் அவ்வளவுதான். அந்தக் கண்ணாடிக் கதவுக்குக் கொக்கி வைத்திருந்தான் பாவி. மழையில் மரம் ஊதி, கொக்கி சிக்கிக்கொண்டு வரவில்லை. கையிலிருந்த பீஸ் கட்டையால் ஓங்கிக் கண்ணாடியை உடைத்து, உள்ளே கைவிட்டு மெயினை இழுத்தேன். மிஷின் நின்றது. அவள் வெட்டிய வாழை மாதிரி சாய்ந்தாள்.

உயிர் இருந்தது. மண் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துவிட்டாள். ஆனால் வலது கையில் உள்ளங்கையும் விரல்களும் கருகிப் போயிருந்தன. ஆற ஆற, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு இறுகிவிட்டன. பிரஷ் பிடிக்கிற இரண்டு விரல். வேறு எதுவும் இல்லையா இந்த உலகத்தில் எடுத்துக்கொள்ள?

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சங்கம் கூடியது. இந்தத் தடவை நான் ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றேன். வீட்டுக்காரரும் என் பக்கத்தில் நின்றார். காண்டிராக்டர் அதே வெள்ளைச் சட்டையோடு வந்து, சுவரில் மாட்டியிருந்த அந்தப் போட்டோவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எர்த்து இல்லன்னு யாரும் சொல்லக்கூடாது. பாருங்க, தெளிவா இருக்குது. பொண்ணு மேல பரிதாபமாத்தான் இருக்குது. ஈரக் கை, செருப்பும் இல்ல. நான் என்ன பண்ண முடியும்?"

தலைவர் போட்டோவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "கம்பி இருக்குதேம்மா" என்றார் என்னிடம். மற்றவர்களும் போட்டோவைக் கைக்குக் கை வாங்கிப் பார்த்தார்கள். தினம் தினம் தட்டித் தட்டி டொக் என்றதை மூலையில் வீசுகிற மனுஷர்கள் அத்தனை பேரும் அந்தக் காகிதத்தை உற்று உற்றுப் பார்த்தார்கள்.

"போட்டோவ வெச்சிட்டு என்கூட வாங்க" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் பின்னால் வந்தார்கள். ஷெட்டுக்குப் பின்புறம் போய், மெயின் இறக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வீட்டுக்காரரை அனுப்பி, தொட்டியின் மூடியைக் காலால் தள்ளினேன். உள்ளே கம்பி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பலமாக இழுக்க வேண்டியிருக்கும் என்று காலை ஊன்றியிருந்தேன். அது பிடுங்கிய கீரை மாதிரி வந்துவிட்டது. நான் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன். முழங்கை நீளம்கூட மண்ணுக்குள் இல்லை. நுனியில் அரைச் செங்கல் ஒன்றைக் கட்டியிருந்தான், கம்பி மேலே வராமல் இருக்க. பைப் இல்லை, கரி இல்லை, உப்பு இல்லை, குழியே இல்லை.

செங்கல் கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

"இதாய்யா உன் எர்த்து?" என்றேன். அவர் வெளுத்துப்போய், "வேலக்காரப் பசங்க... நான் சொன்னது வேற..." என்று இழுத்தார். அந்தச் செங்கல்லாலேயே அந்த ஆளின் மண்டையைப் பிளந்திருப்பேன், வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

அப்போது தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இத அப்பிடியே வையுங்க. ஸ்டுடியோக்காரரக் கூப்பிட்டு ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்கலாம்" என்றார்.

நான் கத்தின கத்தலில் பக்கத்து ஷெட் ஆட்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. அச்சில் ஏறாது.

அந்தக் காண்டிராக்டரைப் பேட்டைக்குள் கால் வைக்கக்கூடாது என்று விரட்டினார்கள். விரட்டி என்ன? டவுனில் கடை திறந்துதான் இருந்தது. ஆல்பமும் அதில்தான் இருந்தது. எங்கள் ஷெட் தேக்குப் பெட்டியின் படம் அதில் முதல் பக்கத்தில் இருந்ததாக ஒருத்தர் பிறகு வந்து சொன்னார். கண்ணாடி உடைவதற்கு முன்னால் எடுத்தது.

கருவேப்பிலங்குறிச்சிக்காரரை வீட்டுக்காரரே போய்க் கூப்பிட்டார். "அன்னிக்குச் சிரிச்சானுங்களே, அவனுங்களக் கூப்புடுங்க குழி வெட்ட" என்று முதலில் வர மறுத்தாராம். வந்தார். மோட்டாரின் வயர்ப் பெட்டியைத் திறந்து காட்டினார். மூடி சரியாக உட்காராமல் உள்ளே சேறு போய் அப்பியிருந்தது, ஒரு வயரின் தோல் உரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. "எர்த்து ஒழுங்கா இருந்திருந்தா கரண்ட் பூராவும் அது வழியா பாஞ்சி, பீஸ் பட்டுனு போயிருக்கும். மிஷினு தானா நின்னிருக்கும்" என்றார். எங்கள் பீஸ் கட்டை. நான் தட்டி, ணங் என்று கேட்டு அனுப்பின கட்டை. அதற்கு வேலை செய்ய வழியே கொடுக்கவில்லை.

இரண்டு குழி வெட்டினார். மூடுகிற அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். பேட்டையே வந்து நின்றது. அன்றைக்குக் கரண்டும் இருந்தது. பெரிய பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி, ஒன்றை லைனில் வைத்து, இன்னொன்றைக் குழிக் கம்பியில் வைத்தார். பல்பு பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரிந்தது. "இதோட வுடக்கூடாது, மீட்டர் வெச்சும் பாக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் வைத்துப் பார்த்தார். பிறகு மிஷினை ஓட விட்டு, முதலில் டெஸ்டரையும் அப்புறம் புறங்கையையும் வைத்தார். "ம், இப்பத் தொடலாம்" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நின்று தொட்டேன். ஒன்றுமே இல்லை. வெறும் இரும்பு.

தலைவர் முன்னால் வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "பாத்தியாம்மா, சரியாயிடுச்சி. இனிமே கிள்ளாது. நீயும் வந்து தொட்டுப் பாரு" என்றார் தங்கச்சியிடம்.

அவள் மிஷினைப் பார்க்கவே இல்லை. எரிகிற பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"இந்த பல்ப எரியவைக்க எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"கண்ண மூடித் தொறக்கற நேரம்தான் பாப்பா" என்றார் கருவேப்பிலங்குறிச்சிக்காரர்.

"அவ்ளோதானா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அப்புறம் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். கப்பு ஷெட்காரர் வழியில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். தை மாசம் அடுத்த வாரம் பிறந்தது.